டைனிங் பக்கத்தில் வாஷ்பேசின் வைக்கப் போறீங்களா? எனக்கு 18,500 ரூபாய் போச்சு

நேற்று மத்தியானம்தான் தரையை உடைத்துப் பார்த்தோம். வயிறு எரிகிறது, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் எங்கள் வீடு. இருக்கிற ஒரே பாத்ரூம் கொல்லைப்பக்கம். அப்பாவுக்கு முழங்கால் வலி, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேசின், அவ்வளவுதான் கேட்டேன். பேசின் வாங்கிய சானிட்டரி கடையிலேயே, "நம்ம ஆளு சார், நம்பிக் கொடுங்க" என்று ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் அப்பாவிடம் உட்கார்ந்து கால் வலியை விசாரித்தார், ரசமட்டம் வைத்துச் சுவரைப் பார்த்தார். அதில்தான் விழுந்தேன். டைல்ஸ் ஒட்டும் முன்பே 18,500 ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.

இருபது நாளில் பேசினில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ராத்திரியானால் சாக்கடை நாற்றம், ஓட்டை வழியாகக் கரப்பான். போன் செய்தால் "நாளைக்கு வரேண்ணே". அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். கடைக்குப் போனால், "நாங்க நம்பர் மட்டும்தான் சார் கொடுத்தோம், வேலைக்கு நாங்க பொறுப்பில்ல" என்கிறார்கள். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெரம்பூரிலிருந்து வந்த வேறொரு பிளம்பர்தான் உடைத்துக் காட்டினார். பேசினிலிருந்து பின்பக்கச் சாக்கடைச் சேம்பர் வரை பதினாலு அடி பைப். அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் வேண்டும், அதாவது கடைசி முனை மூன்றரை இஞ்ச் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஆளோ அடுக்களை வாசற்படிக்குக் கீழே கான்கிரீட்டை ஆழமாக உடைக்கச் சோம்பல்பட்டு, அந்த இடத்தில் பைப்பை ஒரு இஞ்ச் தூக்கிப் போட்டிருக்கிறார். கை கழுவும்போது போன சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் அந்த மேட்டுக்கு முன்னால் அப்படியே படிந்து கிடந்தன. பாட்டில் டிராப்பும் இல்லை, வெறும் நெளி ஹோஸைப் பைப்புக்குள் சொருகியிருக்கிறார். டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. பில்லில் மட்டும் டிராப்புக்குக் காசு போட்டிருக்கிறார்!

இதைவிடக் கொடுமை, டைனிங்கில் ஒரு சுவருக்கு வெளியே எங்கள் பக்கச் சந்துதான். எதிர்ச் சுவரில் பேசினை வைக்காமல் இந்தச் சுவரில் வைத்து, ஒரு ஓட்டை போட்டு வெளியே இறக்கியிருந்தால் சேம்பர் ஐந்தடிதான். வீட்டுத் தரையையே தொட்டிருக்க வேண்டாம். 18,500 ரூபாய்!

அவசரமாகச் சொல்கிறேன். வெளிப்பக்கம் உள்ள சுவராகப் பார்த்து பேசினை வையுங்கள். பைப்பை மூடும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிச் சேம்பர் பக்கத்தில் நின்று பாருங்கள். பேசினுக்கு அடியில் டிராப் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதுவரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். கொத்தனார் வந்துவிட்டார், தரையைத் திரும்பப் பூச வேண்டும்.