முகப்பில் வேகம், வளவில் மந்தம்: காரைக்குடி வீட்டில் என் இரட்டை சிம் போன்

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் பலரும் போனில் இரண்டு சிம் வைத்துக்கொள்கிறோம். கனடா எண் இசிம்மாக உள்ளே இருக்கும். வங்கி அனுப்பும் ஓடிபி அதில்தான் வரும் என்பதால் அதை அணைக்க முடியாது. காலியாக இருக்கும் இடத்தில் இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம்மைப் போட்டு, டேட்டாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். கடைத்தெருவிலும் பேருந்திலும் எல்லாம் சீராகவே இருந்தது. அம்மா வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் பக்கம் திறக்கவே மறுத்தது. பேச்சுக்கு நடுவே வாட்ஸ்அப் அழைப்பு அறுந்தது. நிலத்துக்கு வில்லங்கமும் பட்டாவும் பார்க்க அரசுத் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான்.

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது தினசரி டேட்டா தீர்ந்துவிட்டதோ என்பதைத்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று தரும் பிளான்களில் அது தீர்ந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் தெருவில் நின்றாலும் மந்தமாகத்தான் இருக்கும், நள்ளிரவு தாண்டினால் சரியாகிவிடும். எனக்கோ வீட்டின் முகப்பில் நன்றாக ஓடியது, உள்முற்றமான வளவுக்குள் வந்ததும் நின்றது. சிக்னல் இல்லையோ என்று பார்த்தால் கம்பிகள் நிறையவே இருந்தன. வேகம் அளக்கும் செயலி மெகாபிட் கணக்கில் நல்ல எண்ணையே காட்டியது. ஆனால் அது தானாகத் தேர்ந்தெடுத்த சர்வர் டொராண்டோவில் இருந்தது, ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமான பிங் முந்நூறு மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தது. வாசலுக்கு வந்து அளந்தபோது சர்வர் சென்னை, பிங் நாற்பதுக்குப் பக்கம்.

போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு சிம்மும் எவ்வளவு டேட்டா செலவழித்தது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். கனடா சிம்மின் கணக்கில் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. மேலே சிக்னல் கம்பிக்குப் பக்கத்தில் டேட்டா ஓடுவதைக் காட்டும் அம்புகளும், வீட்டுக்குள் வந்ததும் இந்தியச் சிம்மை விட்டுக் கனடா சிம்முக்குத் தாவின. டேட்டாவுக்கு இந்தியச் சிம்மைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், அந்தத் தேர்வு மாறவும் இல்லை. அதன் கீழே Auto data switching என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிம்முக்கு நெட்வொர்க் அறுந்தால் மற்ற சிம்மில் டேட்டாவை ஓட்டிக்கொள்ளும் வசதி அது. கனடா சிம்மில் டேட்டா ரோமிங் திறந்திருந்ததால், அங்குள்ள கம்பெனியின் நாள் கட்டணத்தில் போன் பாட்டுக்குத் தாவிவிட்டது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போகப் போக ஒன்றரை அடி, இரண்டு அடிச் சுவர்கள். ஒரே கம்பெனி பல அலைவரிசைகளில் 4ஜி கொடுக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை தெருவில் வேகமாக இருந்தாலும் தடித்த சுவரைத் தாண்டும்போது தேய்ந்துவிடும். 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசை ஓரளவு உள்ளே வரும். என் இந்தியச் சிம் வளவில் அடிக்கடி அறுந்தது, அறுந்த நொடியில் போன் கனடாவுக்கு மாறியது, கொஞ்சம் சிக்னல் கிடைத்ததும் திரும்பியது. ஒவ்வொரு தாவலிலும் ஐபி முகவரி மாறும். வாட்ஸ்அப் அழைப்பு அறுந்தது அங்கேதான்.

கம்பி நிறைய இருந்தும் ரோமிங் சிம் ஏன் மந்தம் என்பதற்குப் பாதைதான் காரணம். ரோமிங்கில் இருக்கும் சிம்மின் டேட்டா பெரும்பாலும் இங்குள்ள கோபுரத்திலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. அந்தச் சிம்மின் சொந்தக் கம்பெனியின் வாசலுக்குப் போய் அங்கிருந்துதான் வெளியேறும். காரைக்குடியிலிருந்து டொராண்டோ நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்று வைத்தால், போய்வர மட்டும் 130 மில்லிசெகண்ட். கேபிள்கள் நேராகப் போவதில்லை, நடுவில் பல கைகள் மாறும், அதனால்தான் முந்நூறு. ஒரு தளத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன் முகவரி கேட்க ஒரு தரம், இணைப்புப் போட ஒரு தரம், பூட்டுச் சாவி பேசிக்கொள்ள ஒரு தரம், பக்கத்தைக் கேட்க ஒரு தரம் என்று ஏறக்குறைய நான்கு தரம் போய்வர வேண்டும். நாற்பதில் அது கண் இமைக்கும் நேரம், முந்நூறில் ஒரு செகண்டுக்கு மேல். செய்தித்தளம் என்றால் விளம்பரம், படம், எழுத்துரு என்று வேறு வேறு சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் இதே கதை. பட்டா பார்க்கும் தளத்தின் சர்வர் இந்தியாவில். அதற்கு நம் கோரிக்கை கனடா போய், அங்கிருந்து இந்தியா வந்து, பதில் மறுபடி கனடா போய் நம் கைக்கு வர வேண்டும். போதாததற்கு, வெளிநாட்டு ஐபியில் வருபவர்களுக்குத் திறக்காத அரசுத் தளங்களும் உண்டு.

சாம்சங் போனில் Settings → Connections → SIM manager போனால் Mobile data என்பதில் எந்தச் சிம் என்று தெரியும், Auto data switching பொத்தானும் அந்தப் பகுதியில்தான். ஐபோனில் Settings → Cellular → Cellular Data, அதன் கீழே Allow Cellular Data Switching. நான் அந்தப் பொத்தானை அணைத்தேன், கனடா சிம்மின் டேட்டா ரோமிங்கையும் அணைத்தேன். சிம்மையே அணைக்க வேண்டியதில்லை. டேட்டா ரோமிங் இல்லாமலும் ஓடிபி குறுஞ்செய்தி வந்து சேரும்.

ஆனால் இதோடு தீரவில்லை. கனடாவுக்குத் தாவுவது நின்றதும் வளவில் டேட்டாவே இல்லை என்றானது. அதுவரை மறைந்திருந்த உண்மையான குறை அதுதான். விடையும் கனடா சிம்மிலேயே இருந்தது. ரோமிங்கில் அது எந்த இந்தியக் கம்பெனியின் கோபுரத்தில் ஒட்டியிருக்கிறது என்று போனிலேயே பெயர் வரும். வளவிலும் இரண்டாம் கட்டிலும் அது பிடித்திருந்த நெட்வொர்க் வேறொன்று. அதாவது சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வரும் கம்பெனி எது என்பதை அந்த வெளிநாட்டுச் சிம் தினமும் காட்டிக்கொண்டிருந்தது.

பெரியார் சிலைப் பக்கத்துக் கடைத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அக்கா, இங்க எல்லாரும் பிளான் விலையைத்தான் கேப்பாங்க. நான் வீடு எந்தத் தெரு, எப்படிப்பட்ட வீடுன்னு கேட்டுட்டுத்தான் சிம் எடுத்துக் குடுப்பேன்" என்றார். மிகச் சரியான கேள்வி, விமான நிலையத்தில் சிம் வாங்கும்போது யாரும் கேட்காதது. பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் காட்டி, முகவரி சொல்லி, புகைப்படம் எடுத்து அந்தக் கம்பெனிச் சிம்மை வாங்கினேன். அன்று மாலையே உயிர் வந்தது. வளவில் பிங் ஐம்பதுக்குள் நின்றது, பட்டாப் பக்கம் உடனே திறந்தது, அம்மாவும் நானும் தங்கையோடு வீடியோவில் அறுபடாமல் பேசினோம். கடைசிக் கட்டு அடுப்படியில் இன்னும் கிடைப்பதில்லை, அதற்கு வீட்டுக்கு ஃபைபர் இணைப்புப் போட்டு வைஃபை வைப்பதுதான் வழி.

டொராண்டோவில் இறங்கியதும் Mobile data தேர்வைக் கனடா சிம்முக்கு மாற்றிவிட வேண்டும். ரோமிங் பேக் போடாத இந்திய ப்ரீபெய்டு சிம்மில் அங்கே டேட்டா வராது, விமான நிலையத்தில் டாக்சி கூப்பிடக்கூட மொபைல் இணையம் இருக்காது.