அரைக்கண் பார்வையா, சிறுபடக் காட்சியா: முடிந்த ஸ்லைடுகளைச் சோதிக்கும் இரு வழிகள்

ஸ்லைடுகளைச் செய்து முடித்த பிறகு, முதலில் பார்க்க வேண்டியது முதலில் கண்ணில் படுகிறதா, எடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா, எங்கே நெரிசல் இருக்கிறது என்று சோதிப்பதற்கு இரண்டு எளிய வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, ஒரு ஸ்லைடைத் திரை முழுக்க வைத்து, எழுத்துகளைப் படிக்க முடியாத அளவுக்குக் கண்களைச் சுருக்கிப் பார்ப்பது. மற்றது, பவர்பாயிண்டில் View பகுதியிலுள்ள Slide Sorter காட்சிக்குச் சென்று, எல்லா ஸ்லைடுகளையும் சிறுபடங்களாகப் பரப்பிப் பார்ப்பது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று எண்ணி, ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். உண்மையில் முதலாவது ஒரு ஸ்லைடின் உள்ளமைப்பையும், இரண்டாவது ஸ்லைடுகளுக்கு இடையிலான உறவையும் காட்டுகின்றன. ஒன்று சரி என்று விட்டதை மற்றது பிழை என்று பிடிக்கும் இடங்களும் உண்டு.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்காக 24 ஸ்லைடுகள் தயாரித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். மேலே அடர்சிவப்புப் பட்டையில் சங்கத்தின் சின்னம். ஒன்பதாவது ஸ்லைடில் ஆறு பத்திகள் கொண்ட வரவு செலவு அட்டவணை இருக்கிறது. உறுப்பினர்கள் அறிய வந்த ஒரே செய்தியான இலாப ஈவு விகிதம் அந்த அட்டவணையின் கடைசி வரியில், மற்ற எண்களின் அளவிலேயே, மெல்லிய சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

இந்த ஸ்லைடை அரைக்கண்ணால் பார்த்தால் மேலேயுள்ள சிவப்புப் பட்டை எஞ்சி நிற்கும். அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் தெரியும். இலாப ஈவு காணாமல் போய்விடும். கண்ணைச் சுருக்கும்போது நுண்ணிய கோடுகள் கலங்கி, அளவிலும் வெளிச்ச வேறுபாட்டிலும் பெரியவை மட்டுமே தங்குவதால் இப்படி நேர்கிறது. பார்த்த மூன்று நான்கு விநாடிகளுக்குள், முதலில் தெரிந்தது எது, அடுத்தது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த வரிசையை நீங்கள் சொல்ல விரும்பிய வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எதை மாற்ற வேண்டும் என்பது தானே விளங்கும். இங்கே செய்ய வேண்டியது, பட்டையை மெலிதாக்கிச் சின்னத்தைச் சிறிதாக்குவதும், இலாப ஈவை அட்டவணையிலிருந்து வெளியே எடுத்துப் பெரிய எண்ணாக இடுவதும்தான். அட்டவணைக்கு நிறம் பூசி அழகுபடுத்துவது இந்தச் சிக்கலைத் தீர்க்காது.

அதே ஸ்லைடைச் சிறுபடக் காட்சியில் பார்த்தால் குறை அவ்வளவு எளிதில் பிடிபடாது. சிறுபடம் எல்லாவற்றையும் சுருக்குகிறதே தவிர மங்கலாக்குவதில்லை. கூரான விளிம்புகளோடு சுருங்கிய அட்டவணை, பார்ப்பதற்கு நேர்த்தியாகவே இருக்கும். ஓரங்கள் சற்றே பிசகியிருப்பதும் அந்த அளவில் மறைந்துவிடும். ஆகவே ஒரு ஸ்லைடுக்குள் எது முந்துகிறது என்ற கேள்வியில் அரைக்கண் பார்வைக்கே என் வாக்கு.

சமநிலையின் கதை வேறு. இருமொழிப் பத்திகளில் தமிழ் வரிகள் பெரும்பாலும் மலாய் வரிகளைவிட நீண்டுவிடுகின்றன. சுழிகளும் வளைவுகளும் நெருங்கி நிற்பதால், ஒரே எழுத்தளவில் தமிழ்ப் பத்தி அடர்த்தியாகவும் தெரிகிறது. தடித்த எழுத்தாக மாற்றினால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையும் அடைபட்டு இன்னும் கருத்துப்போகும். ஒரு ஸ்லைடை மட்டும் அரைக்கண்ணால் பார்க்கும்போது இடப்பக்கம் சிறிது கனத்திருப்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே படும். ஆனால் 24 சிறுபடங்களையும் ஒருசேரப் பார்த்தால், எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும், தலைப்பு சில ஸ்லைடுகளில் ஒரு வரியாகவும் சிலவற்றில் இரண்டு வரியாகவும் வந்து கீழுள்ளதைத் தள்ளிவிட்டிருப்பதும், எட்டு முதல் பதினொன்று வரை எல்லாமே அடைசலாக இருந்து, பிறகு மூன்று ஸ்லைடுகள் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடப்பதும் உடனே தெரியும். இவற்றைப் பிடிக்கச் சிறுபடக் காட்சிதான் ஏற்றது. பத்திகளை ஆளுக்குப் பாதி என்று பிரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, தமிழை முதன்மை வரியாகவும் மலாயை அதன் கீழே சிறிய எழுத்திலும் வைப்பது மேல் என்பது என் கருத்து. உறுப்பினர்களில் மலாயில் படிப்பவர்கள் மிகுதி என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் சம மரியாதை கொடுக்க முயலும்போதுதான் எதுவுமே முந்தாமல் போகிறது.

நெரிசலைப் பொறுத்தவரை சிறுபடம் ஏமாற்றக்கூடும். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பொருள் வரும்படி அனிமேஷன் வைத்திருந்தால், அவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறுபடத்தில் தெரியும். அவையோர் ஒருபோதும் அப்படிப் பார்க்கப்போவதில்லை. சிறுபடத்தின் கீழே நட்சத்திரக் குறி இருந்தால், அந்த ஸ்லைடில் அனிமேஷனோ மாற்ற விளைவோ இருக்கிறது என்று பொருள். அனிமேஷன் இருப்பின், ஸ்லைடைக் காட்சி நிலையில் ஓட்டி, ஒவ்வொரு சொடுக்குக்குப் பிறகும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டே நெரிசல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அச்சிட்டுக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் சிறுபடம் காட்டும் அடைசலே உண்மையான அடைசல்.

எழுத்தளவைச் சிறுபடத்தால் அளப்பவர்களும் உண்டு; அதற்குச் சிறுபடத்தின் அகலத்தைக் கூடத்தோடு பொருத்திக்கொள்ள வேண்டும். கூடத்தின் திரை 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை 10 மீட்டர் தூரம் என்றால் விகிதம் ஐந்தில் ஒன்று. மடிக்கணினியிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு அதே விகிதத்தில் சிறுபடம் 12 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். கீழ் வலது மூலையிலுள்ள உருப்பெருக்கப் பட்டையை நகர்த்தி, அளவுகோலைத் திரையில் வைத்துப் பார்த்து அந்த அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் படிக்க முடியாத எழுத்தைக் கடைசி வரிசையில் இருப்பவராலும் படிக்க முடியாது. சிறுபடத்தை 5 சென்டிமீட்டராகச் சுருக்கினால் அது 24 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். இந்தக் கூடத்தில் அவ்வளவு பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த அளவில் அமைப்பைப் பாருங்கள், எழுத்தளவைத் தீர்மானிக்காதீர்கள்.

அரைக்கண் பார்வைக்கும் எல்லைகள் உண்டு. கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கினால், மங்குவதற்குப் பதிலாகத் தெளிவு கூடும். இமைகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளி குவியத்தைக் கூராக்கிவிடுகிறது. அத்தகையவர் கண்ணாடியைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டாலே போதும். இன்னொன்று, மனித முகம். தலைவரின் புகைப்படம் அரைக்கண்ணுக்கு ஒரு பழுப்புத் திட்டாகத்தான் தெரியும். கூடத்திலோ எல்லோருடைய பார்வையும் முதலில் அந்த முகத்துக்கே போகும். முகம் இருக்கும் ஸ்லைடில், சோதனை காட்டிய வரிசைக்கு முன்னால் அந்த முகத்தை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தைய இரவில் அரைமணி நேரமே கிடைக்கிறது என்றால், சிறுபடக் காட்சியில் தொடங்குவதே சிக்கனமானது. 24 ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பாதியிலேயே கண் அலுத்து, எல்லாமே சரியாகத் தோன்றிவிடும். சிறுபடங்களில் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்துத் தெரிபவற்றையும், எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் அட்டவணை உள்ளவற்றையும், தீர்மானத்துக்கு விடப்படும் ஸ்லைடுகளையும் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் முழுத்திரையில் அரைக்கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். திருத்தியவுடன் மீண்டும் ஒருமுறை சிறுபடக் காட்சிக்கு வந்து, புதிதாகப் பெரிதாக்கிய எண் பக்கத்து ஸ்லைடுகளின் தலைப்பைவிட மிஞ்சிப் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.