எக்ஸ்-1ஏ-வா, எக்ஸ்-4-ஆ? பிரஸ்ஸுக்குப் போற பிடிஎஃப்பும் அதுக்குள்ள இருக்கிற அவுட்புட் இன்டென்ட்டும்

வேலூர் பக்கம் சின்ன பிரஸ் வெச்சிருக்கிற நிறைய பேருக்கு கம்ப்யூட்டர்ல இருந்து நேரா பிளேட் போடுற சிடிபி மெஷின் சொந்தமா கிடையாது, பைலை பென் டிரைவ்லயோ மெயில்லயோ பிளேட் போடுற இடத்துக்கு அனுப்பிட்டு சாயந்திரம் பிளேட்டை வாங்கிட்டு வந்து மெஷின்ல ஏத்துறதுதான் வழக்கம். அங்க உக்காந்திருக்கிறவர் "இன்னா பைலு அண்ணே, எக்ஸ்-1ஏ-வா எக்ஸ்-4-ஆ"ன்னு கேட்டா நம்மாளுங்க "பிரிண்ட்டுக்கு ரெடி பிடிஎஃப்தான் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க. ரெண்டும் பிடிஎஃப்/எக்ஸ்-னு பிரிண்டிங்குக்காக வந்த பிடிஎஃப் ஸ்டாண்டர்டோட வகைங்கதான், ஆனா ஒண்ணு இல்ல, எதை கடைக்கு ஸ்டாண்டர்டா வெச்சிக்கிறதுங்கிறதுல காசு இருக்கு, அதான் இந்த அலசல்.

முதல்ல எக்ஸ்-1ஏ. 2001-லயே ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டா வந்தது, 2003-ல ஒரு புது வெர்ஷன். விதி ரொம்ப கண்டிப்பு: உள்ள சிஎம்ஒய்கே இருக்கலாம், ஸ்பாட் கலர் இருக்கலாம், ஆர்ஜிபி கூடவே கூடாது. டிரான்ஸ்பரன்சியும் கூடாது, அதாவது டிராப் ஷேடோ, மங்கலா போட்ட படம், மேல மேல வெச்ச கலர் எல்லாம் எக்ஸ்போர்ட் ஆகும்போதே ஒண்ணா கலந்து பிளாட் ஆகிடணும். ஃபாண்ட் எல்லாம் உள்ள எம்பெட் ஆகியிருக்கணும். இதோட பலமே இதான், பைல் கைக்கு வந்தப்புறம் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்ல, பைலை பிளேட்டுக்கான புள்ளியா மாத்துற சாஃப்ட்வேரான ரிப் எத்தனை வருஷம் பழசா இருந்தாலும் அதுல இருக்கிற நம்பரை அப்படியே பிளேட்ல போட்டுட்டுப் போகும்.

பலவீனமும் அந்த பிளாட் பண்றதுலதான். ஷேடோவுக்குக் கீழ எழுத்து மாட்டிக்கிச்சுன்னா அந்த எழுத்து அவுட்லைனாவோ படமாவோ மாறிடும், பக்கத்து வரியை விட கொஞ்சம் தடிச்சு தெரியும். இங்கிலீஷ் எழுத்துல பெருசா கண்ணுக்குப் படாது, தமிழ்ல 9 பாயின்ட்ல ண, ழ-ன்னு சுழி இருக்கிற எழுத்துங்கல்லாம் அடைஞ்சு போய் மை கொட்டின மாதிரி ஆகும். டிசைன்லயே எழுத்தை தனி லேயர்ல மேல வெச்சா இந்தத் தொல்லை வராது. அப்புறம் படத்துக்குள்ள மெல்லிசா வெள்ளைக் கோடு தெரியுதுன்னு கஸ்டமர் போன் பண்ணுவாங்க. அதுக்கு அக்ரோபேட்ல ஜூம் பண்ணிப் பாருங்க, எவ்வளவு பெருசாக்கினாலும் கோடு அதே மெல்லிசாவே இருந்தா அது பெரும்பாலும் ஸ்கிரீன்ல மட்டும் தெரியுறது, பிளேட்ல வராது. ஜூமோட சேர்ந்து கோடும் தடிச்சா பைல்லயே பிரச்சினை.

எக்ஸ்-4 வந்தது 2008-ல, 2010-ல திருத்தினாங்க. இதுல டிரான்ஸ்பரன்சி உயிரோடவே போகும், லேயர் இருக்கலாம், ஆர்ஜிபி படத்தை, அதோட நம்பர் எந்தக் கலர்னு சொல்ற ப்ரொஃபைலோட அப்படியே விடலாம். பிளாட் பண்றதும் கலர் மாத்துறதும் பிளேட் போடுற இடத்துல ரிப் பண்ணிக்கும். அங்க இருக்கிறது அடோபி பிடிஎஃப் பிரிண்ட் எஞ்சின் மாதிரி பிடிஎஃப்-ஐ நேரா படிக்கிற ரிப்பா இருந்தா எக்ஸ்-4 சொகம். உள்ள போனதும் எல்லாத்தையும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டா மாத்துற பழைய ரிப்பா இருந்தா அது தன் இஷ்டத்துக்கு பிளாட் பண்ணும், என்ன ஆச்சுன்னு பிளேட் வந்தப்புறம்தான் நமக்கே தெரியும்.

நடுவுல எக்ஸ்-3-ன்னு ஒண்ணு இருக்கு, ஆர்ஜிபி ஓகே ஆனா டிரான்ஸ்பரன்சி ஆகாது. ரெண்டுங்கெட்டான். இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்தப் பக்கம் போகவே வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ரெண்டுலயும் கட்டாயமா இருக்க வேண்டிய ஒண்ணு அவுட்புட் இன்டென்ட். இந்த பைல் எந்த பிரிண்டிங்குக்காகத் தயார் பண்ணது, அதாவது எந்த மாதிரி பேப்பர், எந்த மை, மைப்புள்ளி பேப்பர்ல எவ்வளவு விரியும்ங்கிற டாட் கெயின் எவ்வளவுன்னு பைலே சொல்லிக்கிற இடம் அது. பைலுக்குள்ள இப்படி இருக்கும்:

```
/OutputIntents [ <<
  /Type /OutputIntent
  /S /GTS_PDFX
  /OutputConditionIdentifier (FOGRA39)
  /RegistryName (http://www.color.org)
>> ]
```

FOGRA39-ன்னா ஐஎஸ்ஓ முறைப்படி ஆர்ட் பேப்பர்ல ஆப்செட்டுல அடிச்சு அளந்து வெச்ச ஒரு நிலைமை. எக்ஸ்-1ஏ-ல இப்படி ரெஜிஸ்டர் ஆன பேரை மட்டும் போட்டாலே போதும், ப்ரொஃபைல் உள்ள இல்லாம இருக்கலாம். எக்ஸ்-4-ல ப்ரொஃபைலையே உள்ள வெச்சாகணும், ஏன்னா அங்க ஆர்ஜிபி படத்தை சிஎம்ஒய்கே ஆக்குறதுக்கு அதுதான் வழிகாட்டி.

எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கிறது இங்கதான். அவுட்புட் இன்டென்ட்டை மாத்தினா கலர் மாறிடும்னு நெனைக்கிறாங்க. மாறாது. கொரியர் கவர் மேல அட்ரஸ் மாத்தி எழுதினா உள்ள இருக்கிற பொருள் மாறுமா, அது மாதிரிதான். ஏற்கனவே சிஎம்ஒய்கே ஆகிட்ட படத்துல நாலு கலரும் கூட்டி 300 சதவீதம் மை இருந்தா லேபிள் என்ன ஒட்டினாலும் 300-தான். ஸ்கிரீன்ல ப்ரூஃப் தெரியுற விதம் மாறும், எக்ஸ்-4-ல இன்னும் ஆர்ஜிபியாவே இருக்கிற படங்க ரிப்ல வேற மாதிரி கன்வெர்ட் ஆகும், அவ்ளோதான்.

ஒரு வேலையை வெச்சே பாக்கலாம். காட்பாடி பக்கத்து காலேஜ் ஒண்ணோட ஆண்டு மலர்னு வெச்சிக்கோங்க, ராப்பர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, உள்பக்கம் கோட்டிங் இல்லாத 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ பேப்பர். உள்ள ஃபுல்லா ஸ்டேஜ் ஃபங்ஷன் போட்டோ, பின்னாடி கருப்பு ஸ்கிரீன், முன்னாடி லைட் வெளிச்சத்துல பசங்க. டிசைனர் இன்டிசைன்ல செட்டிங்கைத் தொடாம எக்ஸ்-1ஏ ப்ரீசெட்டை அழுத்துறார். அடோபி இன்ஸ்டால் ஆகும்போதே இருக்கிற சிஎம்ஒய்கே `U.S. Web Coated (SWOP) v2`, அது அமெரிக்காவுல ரோல் பேப்பர்ல ஓடுற பத்திரிகை மெஷினுக்கானது, நம்ம ஊரு ஷீட் ஃபெட் மெஷினுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அதுல சுத்தக் கருப்பு ஆர்ஜிபி என்ன ஆகும்னா சயான் 75, மெஜந்தா 68, எல்லோ 67, பிளாக் 90, கூட்டினா 300. ராப்பர்ல ஆர்ட் கார்டு இதைத் தாங்கிடும். உள்பக்கம் மேப்லித்தோ மையைக் குடிக்கும், 50 சதவீத டாட் ஆர்ட் பேப்பர்ல சுமாரா 65 பக்கம் விழுந்தா இதுல 70 பக்கம் விழும். அதனால பசங்க மூஞ்சி எல்லாம் இருட்டு, கருப்பு ஸ்கிரீன் காயாம அடுத்த ஷீட்டோட முதுகுல ஒட்டிக்கும். மெஷின் மேன் மையைக் குறைப்பார், குறைச்சா பக்கத்துல இருக்கிற கலர் தலைப்பு வெளிறிப் போகும்.

சரியான வழி ரெண்டு பைலா எடுக்கிறது. லேஅவுட்ல போட்டோ எல்லாம் ஆர்ஜிபியாவே இருக்கட்டும். ராப்பரை `ISO Coated v2 (ECI)` வெச்சு எடுங்க, அது FOGRA39-க்கான ப்ரொஃபைல். உள்பக்கத்தை `PSO Uncoated ISO12647 (ECI)` வெச்சு எடுங்க, அது கோட்டிங் இல்லாத பேப்பருக்கான FOGRA47. `Output` பக்கத்துல `Convert to Destination (Preserve Numbers)` கொடுத்தா போட்டோ மட்டும் மாறும், நீங்க கையால போட்ட 100 சதவீத பிளாக் எழுத்து தொடாம இருக்கும். முதல் ப்ரொஃபைல்ல மை அதிகபட்சம் 330, ரெண்டாவதுல 300. மேப்லித்தோவுக்கு 300-ம் எனக்கு ஜாஸ்தியாத்தான் படும், 270-280-க்குள்ள இருந்தா நம்ம மினி ஆப்செட்டுல நிம்மதி, அதனால அந்த ஸ்டேஜ் போட்டோக்களை மட்டும் போட்டோஷாப்ல நிழலைக் கொஞ்சம் தூக்கி விடச் சொல்லுவேன்.

இதுவரைக்கும் எக்ஸ்-1ஏ-லயே செய்யலாம், எக்ஸ்-4 எதுக்குன்னு கேப்பீங்க. கடைசி நேரத்துல காலேஜ்ல இருந்து போன் வரும் பாருங்க, "சார், பட்ஜெட் கூடிடுச்சு, உள்பக்கம் எல்லாமே ஆர்ட் பேப்பர்லயே போட்டுடுங்க"ன்னு. இல்லன்னா அதுக்கு நேர் எதிரா. எக்ஸ்-1ஏ பைல்னா போட்டோ எல்லாம் மேப்லித்தோ நம்பராவே உறைஞ்சு போச்சு, ஆர்ட் பேப்பர்ல அடிச்சா வெளிறித் தெரியும், திரும்ப டிசைனரைப் பிடிக்கணும், அவர் ஊருக்குப் போயிருப்பார். எக்ஸ்-4-ல போட்டோ ஆர்ஜிபியாவே உள்ள இருக்கிறதால அவுட்புட் இன்டென்ட்டை புது பேப்பருக்கு மாத்தி நாமளே முடிச்சிக்கலாம். ஆனா டிசைனர் ஏற்கனவே போட்டோஷாப்ல சிஎம்ஒய்கே பண்ணி வெச்ச படத்துக்கு இந்த சௌகரியம் கிடையாது, எக்ஸ்-4-னு பேரு மட்டும்தான் இருக்கும்.

எக்ஸ்-4-ல பயப்பட வேண்டியது வேர்டுல இருந்து ஒட்டின எழுத்து. அந்தக் கருப்பு ஆர்ஜிபி கருப்பு, ரிப்ல போய் நாலு பிளேட்டுலயும் விழும், ரெஜிஸ்டர் ஒரு இழை தள்ளினா 10 பாயின்ட் தமிழ் எழுத்தைச் சுத்தி சிவப்பும் நீலமுமா நிழல் தட்டும். சில ரிப்புங்க ஆர்ஜிபி கருப்பை ஒத்தைக் கருப்பா மாத்திக்கும், ஆனா அந்த செட்டிங் ஆன்ல இருக்கான்னு கேட்டுக்கணும். எக்ஸ்-1ஏ-ல மட்டும் இது வராதுன்னு இல்ல, அங்க எக்ஸ்போர்ட் ஆகும்போதே 75, 68, 67, 90-ஆ மாறி உக்காந்திருக்கும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். அக்ரோபேட் ப்ரோல `Output Preview` திறங்க, மேல சிமுலேஷன் ப்ரொஃபைல்னு வர்றது பைலோட அவுட்புட் இன்டென்ட்தான். அங்க SWOP-னு இருந்தா அப்பவே டிசைனருக்குப் போன் போடுங்க. கீழ பிளேட் லிஸ்ட்ல பிளாக்கை மட்டும் டிக் எடுத்துட்டுப் பாருங்க, எழுத்து மறைஞ்சா நல்ல எழுத்து, இன்னும் தெரிஞ்சா நாலு கலர் எழுத்து. `Total Area Coverage`-ல 280 போட்டா அதைத் தாண்டின இடம் எல்லாம் கலர் அடிச்சுக் காட்டும். ரிப் பைல்ல சொன்ன இன்டென்ட்டை மதிக்குதா, இல்ல அது சொந்தமா ஒரு ப்ரொஃபைல் வெச்சிருக்கான்னு தெரிஞ்சிக்க ஒரு ஆர்ஜிபி படத்தை ரெண்டு வேற இன்டென்ட்டோட ரெண்டு பைலாக்கி அனுப்பி, பிளேட் வேணாம், ப்ரிவியூ மட்டும் காட்டுங்கன்னு கேளுங்க. ரெண்டுலயும் ஒரே நம்பர் வந்தா ரிப் கண்டுக்கவே இல்லைன்னு அர்த்தம், அங்க எக்ஸ்-4-ல ஆர்ஜிபி அனுப்புறது சூதாட்டம்.

என் கணக்கு இதான். பிளேட்டு ஒரே இடத்துல, அங்க புது ரிப், இன்டென்ட்டை மதிக்குதுன்னு பாத்தாச்சுன்னா கடைக்கு எக்ஸ்-4. வேலையை இன்னைக்கு இங்க, நாளைக்கு சிவகாசின்னு மாத்தி மாத்தி அனுப்புறவங்க, அடுத்தவன் ரிப் என்னன்னே தெரியாதவங்க எக்ஸ்-1ஏ-லயே இருங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆம்பூர் ஷூ பாக்ஸ் மாதிரி ஸ்பாட் கலர் வேலை ரெண்டுலயும் போகும், ஆனா ஸ்பாட் மேல ஷேடோ இருந்தா பிளேட் லிஸ்ட்ல அந்த ஸ்பாட் பேரு நிக்குதான்னு பாத்துக்கோங்க, பிளாட் பண்ணும்போது செட்டிங் சரியில்லன்னா சிஎம்ஒய்கே-ல கரைஞ்சிடும். கோரல்ல வேலை பாக்குறவங்களுக்கு பழைய வெர்ஷன்ல எக்ஸ்-4 இருக்காது, அவங்களுக்கு இந்தக் கேள்வியே இல்ல.

கல்யாணப் பத்திரிகைக்கு வர்ற மினுமினுப்பு போர்டு, கைப்பேப்பர் இதுக்கெல்லாம் ரெடியா ப்ரொஃபைல் கிடைக்காது, கோட்டிங் இல்லாத பேப்பரோடதையே இன்டென்ட்டா போட்டு, அதே போர்டுல பத்து ஷீட் ஓட்டிப் பாத்துட்டு மையை முடிவு பண்ணுங்க, ஸ்கிரீன் ப்ரூஃபை கஸ்டமர்கிட்ட காட்டி கையெழுத்து வாங்காதீங்க.