வாலிபால் டிப்ஸ் என்று பணம் கேட்பவர்களிடம் கவனம்: "மைனஸ் ஒன்றரை + அண்டர்" கதையில் நான் இழந்தது

கடலூர், புதுச்சேரி பக்கம் வாலிபால் ஆடுகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். எங்கள் ஆட்கள் மாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நெட் கட்டி ஆடுவார்கள், நானும் பத்து வருடமாக அங்கே ஆடுகிறேன். அப்படி ஆட வந்த ஒருவர் மூலமாகத்தான் அந்த டெலிகிராம் சேனல் எனக்கு வந்தது. மாதம் 3,000 ரூபாய் கட்டினால் தினமும் வெளிநாட்டு வாலிபால் லீக் ஆட்டங்களுக்கு 'கணக்குப் போட்ட' டிப்ஸ் தருவார்களாம். ஆட்டம் தெரிந்தவன் என்பதால் ஏமாற மாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆறு வாரத்தில் கட்டணத்தையும் சேர்த்து 38,000 ரூபாய் போனது. முதலில் அந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சேனலை நடத்துகிறவர் செய்ததெல்லாம் அந்த ஒரு டிப்ஸிலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் ஆண்கள் லீக் ஆட்டம். ஒரு அணி பலமானது, இன்னொன்று நடுத்தரம். சேனலில் வந்தது இது: பலமான அணிக்கு செட் ஹேண்டிகேப் -1.5, ஆட்ஸ் 1.75. அதோடு மொத்தப் புள்ளிகள் 183.5-க்கு அண்டர், ஆட்ஸ் 1.80. "ரெண்டு தனித்தனி பந்தயம், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும், ரெண்டிலும் சமமாகப் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் 5,000 போட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆட்ஸ் 1.75 என்றால், ஜெயித்தால் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 1.75 ரூபாய் திரும்ப வரும். -1.5 என்றால் அந்த அணி 3-0 அல்லது 3-1 என்று ஜெயிக்க வேண்டும். 3-2 என்று ஜெயித்தால் ஆட்டத்தில் வெற்றி, பந்தயத்தில் தோல்வி. அண்டர் 183.5 என்றால் இரண்டு அணியும் எல்லா செட்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 183-க்குள் நிற்க வேண்டும்.

ஆட்டம் முடிந்தது 25-21, 22-25, 25-23, 23-25, 15-12. கூட்டினால் 216. பலமான அணி ஜெயித்தது, என் இரண்டு பந்தயமும் போய்விட்டது. காலையில் சேனலைத் திறந்தால் அந்த டிப்ஸுக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறது! பதிவைத் திருத்தி, "பலமான அணி வெற்றி" என்று மட்டும் மாற்றியிருந்தார். ஹேண்டிகேப் என்ற சொல்லே அதில் இல்லை.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை முதல் நாளே செய்திருந்தால் 3,000-த்தோடு போயிருக்கும்.

பந்தயம் போடச் சொன்னபோது அவர் கொடுத்த காரணம், பலமான அணி கடைசி 20 செட்டில் 14 ஜெயித்திருக்கிறது, அதாவது ஒரு செட்டை ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்பது. அதை வைத்துப் பார்த்தால் 3-0 வருவது 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் 34 சதவீதம். 3-1 என்றால் முதல் மூன்று செட்டில் ஏதோ ஒன்றை விட்டிருக்க வேண்டும், எது என்பதற்கு மூன்று வழி, ஆகவே 3 × 0.343 × 0.3, அது 31 சதவீதம். இரண்டும் சேர்ந்து 65. ஆட்ஸ் 1.75 என்றால் நூறில் 57 முறைக்கு மேல் ஜெயித்தால்தான் கைக்காசு நிற்கும், ஏனென்றால் 1-ஐ 1.75-ஆல் வகுத்தால் 0.57. 65-க்கும் 57-க்கும் நடுவே நல்ல இடைவெளி, பார்க்க லாபமாகத்தான் தெரியும். கணக்கில் தப்பில்லை. உள்ளே போட்ட 70-தான் தப்பு.

அந்த 20 செட்டை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். பாதிக்கு மேல் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகளோடு ஆடியவை. அன்று எதிரே நின்ற அணிக்குச் சமமான அணிகளோடு ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து, செட்டை விட்டுவிட்டு புள்ளிகளைக் கூட்டினால், விளையாடிய நூறு புள்ளிகளில் இவர்கள் எடுத்தது 52. வாலிபாலில் செட் எண்ணிக்கையை விட இதுதான் நம்பகமானது. 20 செட் என்பது சின்னக் கூட்டம், ஒரு டியூஸ் அந்தப் பக்கம் சாய்ந்தால் கணக்கே மாறிவிடும். அதே 20 செட்டில் புள்ளிகள் ஏறக்குறைய 900 இருக்கும். ஒரு புள்ளிக்கு 52 சதவீதம் என்றால், சர்வ் யாருடையது என்ற வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, 25 புள்ளி செட்டை ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60.

இப்போது 0.6 போடுங்கள். 3-0 வருவது 21.6 சதவீதம், 3-1 வருவது 25.9. சேர்த்தால் 47.5. தேவை 57. இதே அணி ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு 68 சதவீதம், ஏனென்றால் 3-2 மட்டுமே 20.7 சதவீதம் இருக்கிறது. அந்த 20.7-ஐத்தான் அவர் காலையில் பச்சை டிக்காகப் போட்டுக்கொண்டார். பந்தயம் போடுகிறவனுக்கு அது முழு நஷ்டம். 65 சதவீத செட் வாய்ப்பு என்று தாராளமாக வைத்தால்கூட -1.5 வருவது 56.3-தான், 57-ஐத் தொடவில்லை.

அப்புறம் அண்டர். இதில் அவர் காட்டிய விஷயம் ரொம்ப நம்பும்படி இருந்தது, நானே விழுந்தேன். செட்டுக்குச் சராசரி 45 புள்ளி, ஐந்தாவது செட் 15-க்கு என்பதால் 27 என்று வையுங்கள். சர்வை வாங்கும் அணியே பெரும்பாலும் அந்தப் புள்ளியை எடுத்துவிடும் ஆண்கள் ஆட்டத்தில், இரண்டு அணியும் மாறி மாறிப் புள்ளி எடுத்து ஒன்றாகவே மேலே ஏறும், அதனால் 45, 46 என்பது சரியான எண்ணிக்கைதான். மூன்று செட் என்றால் 135, நான்கு என்றால் 180, ஐந்து என்றால் 207. 0.6 வாய்ப்புக்கு மூன்று செட்டில் முடிவது 28 சதவீதம், நான்கில் 37, ஐந்தில் 35. இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் சராசரி 177-க்குக் கொஞ்சம் கீழே வரும். "சராசரி 177, அவர்கள் வைத்த கோடு 183.5, ஏழு புள்ளி நம் பக்கம்" என்றார்.

ஆனால் 177 என்ற இடத்தில் ஆட்டங்கள் குவிவதில்லை. குவியும் இடங்கள் 135, 180, 207 என்ற மூன்று மேடுகள். மூன்று செட்டில் முடிகிற ஆட்டம் 135-க்குப் போய் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது, ஆனால் அண்டருக்கு 135-ல் ஜெயித்தாலும் 183-ல் ஜெயித்தாலும் ஒரே காசுதான். எனவே சராசரியைப் பார்க்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று செட் ஆட்டம் எல்லாம் அண்டர், 28. நான்கு செட் ஆட்டத்தில் 180-ஐச் சுற்றி பத்துப் புள்ளி மேலேயோ கீழேயோ போகும், 183-க்குள் நிற்பது பத்துக்கு ஆறு, அதில் ஒரு 23. ஐந்து செட் போனால் அநேகமாக எதுவும் கிடையாது. மொத்தம் 51 சதவீதம். 1.80 ஆட்ஸுக்குத் தேவை 55.6. ஏழு புள்ளி நம் பக்கம் என்று காட்டிய பந்தயம் உண்மையில் நஷ்டப் பந்தயம்.

இதற்கு மேலே எனக்குக் கோபம் வந்தது "ரெண்டு தனித்தனி பந்தயம்" என்ற வார்த்தையில். நான் மேலே போட்டதை மறுபடி பாருங்கள். ஆட்டம் ஐந்து செட் போனால் -1.5 போய்விடும், அண்டரும் போய்விடும். நூறில் 35 முறை ஐந்து செட் போகிறது, அந்த 35 முறையும் இரண்டும் சேர்ந்தே போகும். இது ஒரே பந்தயத்தை இரண்டு பெயரில் இரட்டைக் காசுக்குப் போடுவது. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்றால், ஒன்று தோற்கும் இடத்தில் மற்றது ஜெயிக்க வேண்டும். வாலிபால் ஆடத் தெரிந்த யாருக்கும் இது உடனே புரியும், நான் கூட்டிப் பார்க்காமல் விட்டேன்.

அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்குப் பதில் கணக்கு தொடங்கும் இடத்திலேயே இருந்தது. பந்தயத் தளத்தில் அவருடைய லிங்க் வழியாகத்தான் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார், ஏற்கெனவே கணக்கு இருந்தால் புதிதாகத் திற என்றார். இப்படிப்பட்ட லிங்க்குகளில் சேர்த்துவிட்டவருக்கு, சேர்ந்தவன் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு போவது வழக்கம். எனவே 3,000 அவருக்கு முன்பணம், என் தோல்வி மாதச் சம்பளம். இரட்டைக் காசு போடச் சொன்னதும் அதனால்தான் என்று இப்போது தெரிகிறது.

அடுத்தது, அரியாங்குப்பத்தில் இருக்கும் என் நண்பன் அதே ஆளின் இன்னொரு குரூப்பில் இருக்கிறான். அன்று ராத்திரி அவனுக்கு வந்தது ஓவர் 183.5! ஒரே ஆட்டம், ஒரே ஆள், எதிர் எதிர் டிப்ஸ். ஒரு குரூப் ஜெயித்தே தீரும், ஜெயித்த குரூப்பின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அடுத்த ஆளைச் சேர்ப்பார்கள். இரண்டு குரூப்பில் ஆள் வைத்து ஒப்பிட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

தனியாகவே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. டெலிகிராமில் ஒரு பதிவின் லிங்க்கை நகலெடுத்தால் கடைசியில் ஒரு எண் வரும், ஒவ்வொரு பதிவுக்கும் அது ஏறிக்கொண்டே போகும். நடுவில் அழித்த பதிவின் எண் திரும்ப வராது. பல படங்களைச் சேர்த்துப் போட்டால் அவையும் எண்ணைச் சாப்பிடும், எனவே ஒரு சின்ன இடைவெளியை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்தபோது தோற்ற நாட்களின் ராத்திரியில் மட்டும் எண்கள் தாவின, ஜெயித்த நாட்களில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு டிப்ஸையும் ஆட்டத்துக்கு முன் நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள், 'திருத்தப்பட்டது' என்ற குறிப்பு இருந்தால் பழையதோடு ஒப்பிடுங்கள்.

புகார் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் நிறைய, நானும் பயந்தேன். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டது, தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் வந்தது, நாமே மாட்டுவோமோ என்ற எண்ணம் வரும். அவர் ஏமாற்றிப் பணம் வாங்கியதைப் பற்றி நான் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, cybercrime.gov.in-ல் எழுதியும் கொடுத்தேன், யூபிஐ பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து. பணம் போன உடனே செய்தால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், நான் பல வாரம் தாமதித்தேன், இதுவரை பணம் வரவில்லை.

கடைசியாக அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ஒரு செட்டுக்கு நீங்கள் வைத்த வாய்ப்பு எவ்வளவு, எந்த ஆட்டங்களிலிருந்து எடுத்தீர்கள், ஐந்து செட் போனால் இந்த இரண்டு பந்தயமும் என்ன ஆகும்? பதில் வரவில்லை. காலையில் பார்த்தால் குரூப்பில் நான் இல்லை.

அரியாங்குப்பத்து நண்பனுக்கு அன்று ஓவர் ஜெயித்தது. அதனால் அவன் இன்னும் நம்புகிறான், வரும் வெள்ளிக்கிழமை அடுத்த 3,000 கட்ட வேண்டுமாம். முதலில் அவனுக்காகத்தான் இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தேன்.