எழும்பூர் லாட்ஜா, தி.நகர் ஓட்டலா: குளியலறைக் குழாய் சொன்ன பதில்

அம்மாவின் கண் அறுவைக்காகவும் அதற்குப் பிந்தைய பரிசோதனைக்காகவும் இந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் மதுரையிலிருந்து இரண்டு முறை சென்னை போனோம். முதல் முறை தி.நகரில் புதிதாகக் கட்டிய ஓட்டல், ஒரு இரவுக்கு 3,200 ரூபாய். அடுத்த முறை எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய லாட்ஜ், 1,450 ரூபாய். இரண்டிலும் இரண்டிரண்டு இரவு. நான் பைப், மோட்டார் விற்கும் கடை வைத்திருப்பவன். அதனால் எங்கே தங்கினாலும் கண் முதலில் குளியலறைக்குத்தான் போகும். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுத்தத்தில் புது ஓட்டலுக்குத்தான் மார்க். வெள்ளை விரிப்பு, மிருதுவான துண்டு, தரையில் ஒரு முடி கிடையாது. லாட்ஜில் சுவர் ஓரத்தில் ஈரம் பூத்திருந்தது, குளியலறைக் கதவின் அடித்தகடு துருப்பிடித்திருந்தது, துண்டு வெளுப்பு இழந்து சாம்பலாகியிருந்தது. பார்த்ததும் அம்மா முகம் சுளித்தாள். ஆனால் மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கி, தையல் ஓரத்தில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கே மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இரண்டு இடத்திலும் இல்லை. எனக்கு அது போதும்.

தண்ணீர் விஷயம்தான் வேறு கதை.

புது ஓட்டலில் ஆறாவது மாடி, அதாவது மேல்மாடி அறை கொடுத்தார்கள். 'நல்ல வியூ சார்' என்றார் ரிசப்ஷனில் இருந்த பையன். ஷவரைத் திறந்தால் நூல் நூலாக வந்தது. இது அடைப்பு அல்ல. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும் கட்டடத்தில், பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். பிரஷர் பம்ப் வைக்காத கட்டடம் என்றால் மேல்மாடிக்காரருக்கு எப்போதும் நூல்தான், இரண்டாவது மாடிக்காரருக்கு அருவி. அறை எடுக்கும்போதே நடு மாடி கேட்டு வாங்குவது இதனால்தான்.

ஷவர் முகப்பைச் சுற்றி வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது. திறந்து ஓரிரு வருடம்தான் ஆன ஓட்டலில் அவ்வளவு காரை என்றால் போர் தண்ணீர் என்று அர்த்தம். பையில் எப்போதும் இருக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன்: 1,640. குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத ஊரில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குளிக்கிற தண்ணீருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, மீட்டர் உப்பின் அளவைத்தான் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதற்கு சோப்பு போதும். நுரை வராமல் கையில் பால் திரிந்ததுபோல் ஒட்டியது. லாட்ஜில் மீட்டர் 410 காட்டியது, சோப்பு நன்றாக நுரைத்தது. அவர்களுக்கு மெட்ரோ தண்ணீர் இணைப்பு இருக்கிறது, கழிப்பறைக்கு மட்டும் போர். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போட்டிருக்கிறார்கள். பழைய கட்டடத்தில் இதைச் செய்தவர் யாரோ விவரமானவர்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். புது ஓட்டலில் இரண்டாம் நாள் காலை 6:40. அம்மா உடம்பெல்லாம் சோப்புப் போட்ட நேரத்தில் குழாய் காற்றை ஊதிவிட்டு நின்றது. போன் செய்தேன். 'டூ மினிட்ஸ் சார், மோட்டார் போட்டாச்சு' என்றார்கள். பத்து நிமிடம் கழித்தும் அதே பதில். கீழே இறங்கிப் போனேன். சம்ப் மூடி திறந்து கிடந்தது, பக்கத்தில் வாட்ச்மேன். 'மோட்டார் போட்டு என்ன சார் பண்றது, ராத்திரி லாரி வரலை' என்றார் அவர். உண்மை சொன்ன ஒரே ஆள்.

ரிசப்ஷனில் விசாரித்ததில் 40 அறை, சம்பில் ஒரு லாரி அளவு, 12,000 லிட்டர் கொள்ளும் என்றார்கள். ஓட்டல் கட்டும்போது ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கணக்கு வைப்போம். அறைக்கு இருவர் என்றால் 80 பேர், 14,400 லிட்டர். சம்ப் நிரம்பியிருந்தாலே ஒரு நாளுக்குப் போதாது, உப்புப் போர் ஊறுகிறதை வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஏப்ரலில் போர் மெதுவாக ஊறும். ஒரு லோடு தவறினால், எல்லோரும் குளிக்கும் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் குழாய் வறண்டுவிடும்.

தண்ணீர் வர ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் ரூம் பாய் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கொண்டு அம்மா சோப்பைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நுரை பட்டுவிடக்கூடாதே என்பதுதான் எனக்குப் பதற்றம். மேனேஜர் மன்னிப்புக் கேட்டுக் காலை உணவுக் கூப்பன் நீட்டினார். காலை உணவு ஏற்கெனவே வாடகையில் சேர்ந்ததுதான்.

லாட்ஜிலும் ஒன்று நடந்தது. முதல் நாள் விடியற்காலை ரயிலிறங்கி அறைக்குப் போனால் கீசர் சூடாகவில்லை. பதினைந்து லிட்டர் கீசர் கால் மணி, இருபது நிமிடத்தில் சூடாகிவிட வேண்டும். அரை மணி ஆகியும் பச்சைத் தண்ணீர். கூப்பிட்டதும் வயதான ரூம் பாய் வந்தார். பிரேக்கரைப் போட்டுப் பார்த்தார், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். 'காயில் போயிடுச்சு சார், இன்னிக்கு ஆகாது' என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. பத்து நிமிடத்தில் கீழே மெஸ் அடுப்பிலிருந்து இரண்டு பக்கெட் வெந்நீர் வந்தது. 'அம்மா, கொதிக்குது, விளாவிக்கோங்க' என்று சொல்லி வைத்துவிட்டு, அம்மா குளித்து முடிப்பதற்குள் எதிர் அறையைத் திறந்து பெட்டிகளை மாற்றிவிட்டார். அன்று சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்துவரை தொட்டி கழுவுகிறோம், தண்ணீர் வராது என்பதையும் அப்போதே சொன்னார்.

காலைச் சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டலில் இட்லியிலிருந்து பாஸ்தாவரை பரப்பி வைக்கிறார்கள், பொங்கலில் நெய் உண்டு, ஆனால் 7:30க்குத்தான் திறப்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு டோக்கன் வரிசையில் நிற்க வேண்டும். லாட்ஜில் காலை உணவே கிடையாது. கீழே உள்ள மெஸ் ஐந்தரைக்குத் திறக்கிறது, காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். சாம்பார் சுமார், காபி நன்றாக இருந்தது. ஊர் சுற்ற வருகிறவருக்கு ஓட்டல் சாப்பாடுதான் லாபம்.

லாட்ஜில் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய குறை. மழைக்காலத்தில் அந்த ஈரச்சுவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுபக்கம், லாரி வராத அந்த ஒரு நாளை வைத்தே புது ஓட்டலை எடை போடுகிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. நவம்பரில் போயிருந்தால் சம்ப் நிரம்பி வழிந்திருக்கலாம்.

ஆகஸ்டில் மறுபடியும் போக வேண்டும். நேற்று லாட்ஜுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பெயரைக் கேட்டுவிட்டு, 'கண் ஆபரேஷன் அம்மாதானே, முதல் மாடி போட்டுடறேன்' என்றார். கீசர் மாற்றியாச்சா என்று கேட்டேன். புதுக் காயில் போட்டாச்சாம்.