ஒரு டிக் போடுவதற்குள்: நெல்லையில் டெபிட் கார்டு புகார் கொடுத்த அனுபவம்

இந்த முறை ஊர்ப் பயணத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஜவுளிக்கடையில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை போன 18,450 ரூபாய்.

தங்கை மகளுக்குப் பட்டு எடுத்தோம். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான உள்ளூர் என்.ஆர்.ஓ. கணக்கின் டெபிட் கார்டைச் செருகி ரகசிய எண்ணைப் போட்டதும் இயந்திரத்தின் திரை அணைந்துவிட்டது. சீட்டு வரவில்லை. "போகவில்லை சார், சார்ஜ் இல்லை" என்று விற்பனைப் பெண் வேறு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் முறை, நான் வாழும் லண்டனின் வங்கிக் கார்டில் கட்டினேன். வீடு வந்தபின் பார்த்தால் உள்ளூர்க் கணக்கிலும் பணம் கழிந்திருந்தது.

சீட்டே வராமல் பணம் கழிந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி இது. கெடு தாண்டியும் பணம் வராததால் கிளைக்குப் போனேன். அப்பா பாஸ்புக் பதியக் காத்திருந்த அதே கிளை. கவுண்டர்கள் கண்ணாடிக்குள் போய்விட்டன, காத்திருப்பு மட்டும் மாறவில்லை. லண்டனில் இத்தகைய புகாரை வங்கிச் செயலியிலேயே ஆரம்பித்துவிடலாம். இங்கே தாளில் படிவம். அதிலும் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்ற கட்டத்தில் ஊழியரே டிக் போட்டு நீட்டினார். "எல்லாருக்கும் இதுதான் சார், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அந்தக் கட்டம் மோசடிக்கானது. அதில் கையெழுத்திட்டால் முதலில் கார்டு முடக்கப்படும். பிறகு கடையின் வங்கி, சிப்பும் ரகசிய எண்ணும் பயன்பட்ட பதிவைக் காட்டும். புகார் அங்கேயே செத்துவிடும். கார்டைச் செருகியது நான்தானே, செய்யவில்லை என்று எப்படி எழுதிக்கொடுப்பது? அடுத்து அவர் காட்டியது "இருமுறை பற்று". அதுவும் பொருந்தாது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் ஒரே கார்டில் இரண்டு பற்றுகளைத் தேடுவார்கள். என் உள்ளூர்க் கணக்கில் இருப்பதோ ஒன்றுதான். எனக்குரிய கட்டம் கீழே இருந்தது: "வேறு வழியில் பணம் செலுத்தப்பட்டது".

டிக் போடும் முன் இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. பணம் நடுவழியில் நிற்கிறதா, கடைக்கே போய்விட்டதா? நடுவழியில் நின்றால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை, வங்கியே திருப்ப வேண்டும். கடைக்குப் போயிருந்தால்தான் சார்ஜ்பேக், அதாவது கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கோருவது. விடை கடை இயந்திரத்தின் அன்றைய கணக்கு முடிப்பு அறிக்கையில் இருக்கும்.

திரும்பவும் கடைக்குப் போனேன். லண்டனில் எந்தக் கடையிலும் இதைக் கேட்டால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார்கள். இங்கே கல்லாவில் இருந்த அண்ணாச்சி, "உட்காருங்க தம்பி, பார்த்துவிடுவோம்" என்று அன்றைய அறிக்கைச் சுருள்களைக் கட்டோடு எடுத்து விரித்தார். அணைந்துபோன இயந்திரத்தின் சுருளில் 18,450 இருந்தது. என் கார்டின் கடைசி நான்கு எண்கள், ஒப்புதல் எண், பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணான ஆர்.ஆர்.என். எல்லாம் தெளிவாக. ஒப்புதல் வந்த பிறகுதான் மின்கலம் தீர்ந்திருக்கிறது. பணம் கடைக்கு வந்துவிட்டது. "வங்கியிலிருந்து கேட்டு வந்தால் மறுக்கமாட்டோம்" என்று நகலில் முத்திரையும் குத்திக்கொடுத்தார். ஊரில் இன்னும் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆதாரங்களை அன்றிரவு ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். லண்டன் கணக்கு அறிக்கையில் தொகை பவுண்டில் இருந்தது; 18,450ஐத் தேடும் ஊழியருக்கு அது எதையும் சொல்லாது. இரண்டாம் சீட்டில்தான் ரூபாய்த் தொகையும் லண்டன் கார்டின் கடைசி எண்களும் சேர்ந்து இருந்தன. வெப்பத்தாள் சீட்டு சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் உடனே நகலெடுத்தேன். லண்டன் பற்று நிலுவையில் இல்லை, முடிந்துவிட்டது என்பதும் அறிக்கையில் தெரிய வேண்டும்; நிலுவையில் நிற்கும் தொகை பிறகு விழுந்துபோகவும் கூடும், அது பணம் கட்டியதற்குச் சான்றாகாது. இரு இயந்திரங்களுக்கும் முனைய எண் வேறு என்பதால், இரண்டும் ஒரே பில்லுக்கானவை என்பதைக் கடை பில் எண்ணைக் காட்டி ஒரு வரியில் எழுதினேன்.

மறுநாள் புதுப் படிவம் கேட்டு வாங்கி, சரியான கட்டத்தில் டிக் போட்டேன். ஆர்.ஆர்.என். இடத்தில் திரும்ப வேண்டிய உள்ளூர்ப் பற்றின் எண்ணை மட்டும் எழுதினேன். லண்டன் எண்ணை அங்கே எழுதினால் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ஊழியர் படித்துப் பார்த்து, "இந்தக் கட்டத்தை யாருமே போட்டதில்லை சார்" என்றார். நகலில் தேதி முத்திரையும் புகார் எண்ணும் கேட்டு வாங்கினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் கொடுத்ததற்கான சான்றைத்தான்.