‘சரளமாகப் பேச வைப்பேன் என்று சொல்ல மாட்டேன்’: ஒரு கேப்ஷனோடு ஒன்றரை வருடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். வருகிற எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். சிப்காட் கம்பெனி லேப், பாண்டிச்சேரி ஹோட்டல் ரிசப்ஷன், ஆஸ்பத்திரி பில்லிங் என்று ஆளுக்கொரு இடம். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவின் கேப்ஷன் ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களுக்கும் அதையேதான் அனுப்புகிறேன். இது அந்த கேப்ஷனைப் பற்றிய ரிவ்யூ. முதலில் வைத்த வடிவம் இது:

“வேலைக்குப் போகிறவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ். ஒரு குரூப்பில் ஆறு பேர்தான். தமிழில் கேட்டாலே போதும், தயங்க வேண்டாம்.

திங்கள் முதல் வியாழன் வரை, இரவு 8.30 – 9.15. ஒவ்வொரு வகுப்பிலும் நீங்கள் ஐந்து நிமிடமாவது பேசுவீர்கள்.

மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வைப்பேன் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வேலையில் அடிக்கடி வரும் பத்துச் சூழல்களைச் சமாளிக்கப் பழக்குவேன், ஒழுங்காக வந்தால்.

மாதம் ரூ. 1,500. ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாம்.”

மூன்றாவது பத்தியைத் தூக்கிவிடு என்று சொல்லாத நண்பர்கள் இல்லை. கடையைத் திறக்கும்போதே ‘இல்லை’ என்று சொல்வது போல இருக்கிறதாம். நான் வைத்ததற்குக் காரணம் எளிய கணக்கு. வாரம் நான்கு நாள், 45 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். மூன்று மாதத்துக்கு நாற்பது மணி நேரம்கூட வராது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் உத்தேசக் கணக்கில், அடிப்படையிலிருந்து எளிய வாக்கியங்களில் பேசும் ஏ2 நிலைக்கு வர வகுப்பு நேரம் 180 முதல் 200 மணி, அன்றாட விஷயங்களைத் தானாகப் பேசிச் சமாளிக்கும் பி1 நிலைக்கு 350 முதல் 400 மணி. அதாவது ஏ2-விலிருந்து பி1-க்கு மட்டும் இருநூறு மணி நேரம்போல. நம் ஆட்கள் பள்ளியில் வருடக்கணக்காகப் படித்தவர்கள், படித்தால் புரியும், வாயில்தான் வராது. அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். அதற்காக ‘முப்பது நாளில் சரளம்’ எந்தக் கணக்கிலும் வராது. தினம் ஒரு மணி நேரம் எடுத்தாலும் அது முப்பது மணி நேரம்தானே.

நாற்பது மணி நேரத்துக்குள் என்ன முடியும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் க்வாலிட்டி லேபில் வேலை. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் இங்கிலீஷில்தான் கேட்பார்கள். ஒரு சாம்பிளின் ரீடிங் ஏன் வரம்பைத் தாண்டியது என்று கேட்டால், “இன்ஸ்ட்ருமென்ட் ப்ராப்ளம் சார்” என்பதோடு நின்றுவிடுவார். நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வராது. அவருடைய பத்துச் சூழல்களில் முதலாவதாக இதையே எடுத்தோம். எப்போது கவனித்தேன், என்ன செய்தேன், யாரிடம் சொன்னேன், மறுபடி பார்த்தபோது என்ன வந்தது என்று நான்கு வாக்கியம். அடுத்து ஷிப்ட் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை, அதன் பிறகு புரியாத கேள்வியைத் திருப்பிக் கேட்பது. மூன்று மாத முடிவில் வந்த ஆடிட்டில் அந்த நான்கு வாக்கியத்தையும் சொல்லிவிட்டார். ஆனால் மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்த ஆடிட்டர் சொந்த ஊர், பிள்ளைகள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்ததும் வாய் கட்டிவிட்டதாம். “நீங்க எழுதியிருந்த மாதிரியேதான் ஆச்சு மேடம், பழகினது வந்தது, பழகாதது வரல” என்றார். அடுத்த மூன்று மாதத்துக்கும் அவரே பணம் கட்டினார். சரளம் என்று எழுதியிருந்தால் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே நம்பிக்கை போயிருக்கும்.

கேப்ஷனில் ஒரு ஓட்டை இருப்பதைக் காட்டியதும் இவர்தான். சேருவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, “பி ஷிப்ட் வாரத்துல என்ன பண்றது மேடம்?” மதியம் 2 மணிக்குப் போனால் இரவு 10 மணிக்குத்தான் வெளியே வருவார். என் 8.30 மணி வகுப்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு முழுசாகப் போய்விடும். காலை 11 மணிக்கு ஏற்கெனவே இன்னொரு குரூப் ஓடிக்கொண்டிருந்தது. “ஷிப்ட் மாறும் வாரத்தில் காலை குரூப்பில் சேர்ந்துகொள்ளலாம்” என்ற வரி அப்படித்தான் வந்தது. சிப்காட், நெய்வேலி பக்கத்திலிருந்து வரும் விசாரிப்புகளில் இப்போது அதிகம் குறிப்பிடப்படுவது அந்த வரிதான். இதில் எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆறு பேர், தலைக்கு ஐந்து நிமிடம் என்றால் 45-ல் 30 நிமிடம் போக எனக்கு மிச்சம் 15. அதனால் காலை குரூப்பில் நான்கு பேருக்கு மேல் நிரந்தரமாக எடுப்பதில்லை, ஷிப்ட் மாறி வருபவர்களுக்காக இரண்டு இடம் காலியாகவே இருக்கும். அது வருமான இழப்புதான். எழுதிவிட்டேனே, வேறு வழியில்லை. ஐந்து நிமிடம் தருகிறேனா என்று கடிகாரத்தைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்!

நான் எதிர்பார்க்காத அளவுக்கு வேலை செய்தது “தமிழில் கேட்டாலே போதும்”. இங்கிலீஷ் டீச்சருக்கு மெசேஜ் போடுவதென்றால் இங்கிலீஷில்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஹாய்’, ‘டீட்டெய்ல்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு நின்றுபோகும் மெசேஜ் பெரும்பாலும் ஆர்வமில்லாததால் அல்ல, அடுத்த வாக்கியம் தப்பாகிவிடும் என்ற கூச்சத்தால். இப்போது தமிழில் வாய்ஸ் மெசேஜ் வருகிறது, அதிலேயே என்ன வேலை, எங்கே தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. பதிவைத் தொடுவதற்கு முன்பே கண்ணில் படுவது கேப்ஷனின் ஆரம்பம் மட்டும்தான், மீதி ‘more’-க்குள் போய்விடும். அதனால் இந்த வரியை முதல் பத்தியிலிருந்து கீழே இறக்கவே இல்லை. ஃபீஸை எழுதியதில் ஒரே விளைவு, விலை கேட்டு வரும் மெசேஜ்கள் ஏறக்குறைய நின்றன. 1,500 அதிகம் என்று நினைப்பவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள். இருவருக்கும் நேரம் மிச்சம்.

மாணவர் போட்டோவும் பெயரும் போடுவதில்லை. இங்கிலீஷ் கற்றுக்கொள்வது மேனேஜருக்குத் தெரியக் கூடாது என்பவர்கள் என்னிடம் நிறைய. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்வில் வென்றவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த, வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது அது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானது, என் அளவுக்கு வராது. ஆனால் சேரும்போதே வாங்கும் கையெழுத்தை நம்பக் கூடாது என்ற யோசனை எனக்குப் பிடித்தது. மூன்று மாதம் முடிந்த பிறகு கேட்கிறேன். சம்மதித்தால் ஒரே கேள்விக்கு முதல் வாரம் சொன்ன பதிலையும் கடைசி வாரம் சொன்ன பதிலையும் ஆடியோவாக, பெயரில்லாமல், தடுமாற்றத்தை வெட்டாமல் போடுகிறேன்.

குறைகளும் உண்டு. இதே ஊரில் பெரிய எழுத்தில் உறுதி தருபவர்களுக்கு வரும் விசாரிப்புகளில் சிறு பங்குதான் எனக்கு வருகிறது, புதிதாகத் தொடங்கி உடனே குரூப் நிரம்ப வேண்டும் என்பவருக்கு இந்த வேகம் கட்டுப்படியாகாது. ஐஈஎல்டிஎஸ்ஸுக்குத் தயாராகிறவர்கள் இன்னமும் வந்து கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள், அது இங்கே இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘பத்துச் சூழல்’ என்றால் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டதால், போன மாதம் அதன் பக்கத்தில் மூன்றை எழுதிவிட்டேன்: ஆடிட்டருக்குப் பதில் சொல்வது, ஷிப்ட் ஒப்படைப்பது, கோபமாகப் பேசும் கஸ்டமரை போனில் நிறுத்தி வைப்பது. மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.